கடனே இல்லாதவருக்கு லீசிங் கிடைக்கவில்லை, ஏன்?

என்னிடம் வணிகப் பாடம் படித்த மாணவர் ஒருவர் கட்டாரில் ஒன்பது வருடங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்பி, கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். சாமான் ஏற்ற ஒரு வேன் எடுக்க லீசிங் நிறுவனமொன்றுக்குப் போனவர், வெறுங்கையோடு என் வீட்டுக்கு வந்தார்.

"சேர், நான் யாருக்கும் ஒரு சதம் கடனில்லை. ஆனா கிரிப்பில ஒண்டுமே இல்லையாம் எண்டு சொல்றாங்க" என்றார்.

கிரிப் என்று நாம் சொல்வது, 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. பலர் நினைப்பது போல அது கடன் கட்டாதவர்களின் கறுப்புப் பட்டியல் அல்ல. யார் எவ்வளவு கடன் எடுத்தார், மாதாமாதம் எப்படிக் கட்டினார் என்று வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விபரங்களை அது சேர்த்து வைக்கிறது. சேமிப்புக் கணக்கில் எத்தனை இலட்சம் இருந்தாலும் அது கடன் அல்ல. அதனால் அங்கே பதிவாவதில்லை. கடனே வாங்காதவரின் பக்கம் வெறுமையாக இருக்கும். அதைப் பார்ப்பவருக்கு இவர் நல்லவரா கெட்டவரா என்று சொல்ல வழியில்லை.

அந்தப் பக்கத்தை நிரப்ப ஒரு வழி, நிலையான வைப்பைப் பிணையாக வைத்து எடுக்கும் கடனட்டை. மாணவர் 2 இலட்சம் ரூபாவை ஒரு வருட வைப்பில் இட்டார். வங்கி அந்த வைப்பைத் தடுத்து வைத்துக்கொண்டு, 150,000 ரூபா எல்லையுடன் அட்டை கொடுத்தது. அட்டை இருக்கும் வரை அந்த வைப்பை உடைக்க முடியாது. விண்ணப்பத்தில் கையொப்பமிட முன்னர் ஒரு கேள்வியை மட்டும் கட்டாயம் கேட்கச் சொன்னேன்: "இந்த அட்டையின் கொடுப்பனவு விபரம் மாதாமாதம் கிரிப்புக்குப் போகுமா?" போகாவிட்டால் நம் நோக்கத்துக்கு அதில் பயனில்லை.

பெற்றோலுக்கும் கடையின் மின்கட்டணத்துக்கும் மட்டும் அட்டையைப் பாவித்தார். மாதம் 15,000 ரூபா அளவில்தான் வரும். ஒவ்வொரு மாதமும் 10 ஆம் திகதி கணக்குக் கூற்று வரும். 30 ஆம் திகதிக்கு முன் கட்ட வேண்டும். முழுத் தொகையையும் கட்டினால், வாங்கிய பொருட்களுக்கு வட்டி விழாது. கூற்றில் "ஆகக் குறைந்த கொடுப்பனவு" என்று இன்னொரு தொகையும் இருக்கும். அவருடைய வங்கியில் அது 5 வீதம், அதாவது 15,000 ரூபாவுக்கு 750 ரூபா. அதைக் கட்டினால் பதிவு கெடாது, ஆனால் மீதித் தொகைக்கு வட்டி ஓடும். அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் காசு எடுத்தால் அன்றிலிருந்தே வட்டியும் கட்டணமும் சேரும். வட்டியைத் தவிர்க்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் தொடக்கூடாது. வைப்புக்கு வரும் வட்டி பற்றிய மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது என் துறையல்ல.

பலரும் பிழை விடும் இடம் ஒன்று உண்டு. "வைப்பு வங்கியிடம்தானே இருக்கிறது, கட்டாவிட்டால் அதில் எடுத்துக்கொள்ளட்டும்" என்று இருந்துவிடுகிறார்கள். வைப்பு காப்பாற்றுவது வங்கியின் பணத்தை, உங்கள் பெயரை அல்ல. என்னுடன் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இப்படி எடுத்த அட்டையைப் பாவிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தார். வருடாந்தக் கட்டணம் அதில் விழுந்தது. பழைய தொலைபேசி இலக்கத்துக்குப் போன எஸ்.எம்.எஸ். அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சிறு தொகைக்காக அவரது பக்கத்தில் மாதக்கணக்கில் நிலுவை விழுந்தது. பின்னர் பணத்தைக் கட்டி முடித்தார், ஆனால் தாமதமாகக் கட்டியது பதிவில் நின்றது.

ஆறு மாதம் சென்றதும் மாணவர் தன் சொந்தக் கிரிப் அறிக்கையைப் பெற்றுப் பார்த்தார். எவரும் தம்முடையதைக் கேட்டுப் பெறலாம். அட்டை அவர் பெயரில் இருந்தது, நிலுவை எதுவும் இல்லை. அட்டை பதிவாகாமல் இருந்தாலோ பிழையாகப் பதிவாகியிருந்தாலோ, லீசிங் கேட்கப் போகும் நாளில் அல்ல, அப்போதே வங்கியிடம் எழுத்தில் திருத்தம் கேட்டிருக்கலாம்.

பதினான்கு மாதங்களின் பின் அதே லீசிங் நிறுவனத்துக்குப் போனார். இம்முறையும் கடையின் வருமானக் கணக்கைக் கேட்டார்கள், முற்பணமும் கேட்டார்கள். நல்ல பதிவு வருமானத்துக்குப் பதிலாகாது. ஆனால் "உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்ற பதில் வரவில்லை. வேன் இப்போது கடை வாசலில் நிற்கிறது. அட்டையை இன்னும் மூடவில்லை. மூடும் நாளில் வைப்பு விடுவிக்கப்பட்டதற்கும் கணக்கு முடிக்கப்பட்டதற்கும் வங்கியிடம் கடிதம் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.