நிரல் ஓடினால் போதுமா?

முதலாண்டு நிரலாக்க வகுப்பில் மதிப்பீட்டு முறையை மாற்றும் ஆசிரியர், இனி எதற்கு மதிப்பெண் இல்லை என்பதைத் தன் அறிவிப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டிலோ லேபிலோ முடித்த நிரல் சரியான அவுட்புட் தந்தால் இதுவரை முழு மதிப்பெண் கிடைத்துவந்தது. அந்த நிரல் சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து வந்ததா, மாணவரே இரவு விழித்து எழுதியதா என்பது ஒப்படைத்த தாளில் தெரியாது. ஆனால் காப்பியடிப்பதைத் தடுக்கத்தான் இந்த மாற்றம் என்று எழுதினால், ஆசிரியர் தங்களைச் சந்தேகிக்கிறார் என்றே வகுப்பு எடுத்துக்கொள்ளும். வலுவான காரணம் வேறு. தானே எழுதிய மாணவருக்கும் தன் நிரல் ஏன் ஓடுகிறது என்பது தெரியாமல் இருக்கலாம். ஒரு குறியை மாற்றி ஓட்டிப் பார்ப்பார். சரிவராவிட்டால் இன்னொன்றை மாற்றுவார். எதிர்பார்த்த விடை திரையில் வந்ததும் நிறுத்திவிடுவார். கையில் நிரல் இருக்கும், விளக்கம் இருக்காது.

இது ஆய்வுகளில் பதிவான சிக்கல்தான். மைக்கேல் மெக்ராக்கன் தலைமையிலான குழு நான்கு பல்கலைக்கழகங்களில் 216 மாணவர்களைச் சோதித்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டது. எளிய கால்குலேட்டர் நிரல் எழுதும் பணியில் 110-க்கு அவர்கள் பெற்ற சராசரி 23-ஐக்கூட எட்டவில்லை. தீர்வைத் திட்டமிடத் தெரியாததுதான் காரணமா என்ற கேள்வி எழுந்தது. ஆஸ்திரேலியாவின் ரேமண்ட் லிஸ்டரும் பிற நாட்டு ஆசிரியர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு படி கீழே இறங்கிப் பார்த்தது. ஏழு நாடுகளில் மாணவர்களிடம் சிறு நிரல்களைக் கொடுத்து, இது என்ன விடை தரும், விடுபட்ட வரி எது என்று மட்டும் கேட்டார்கள். பலர் அங்கேயே தடுமாறினர். எழுதுவதற்கு முன்னால் வர வேண்டிய வாசிப்பே ஆட்டம் கண்டிருந்தது.

எனவே புதிய மதிப்பீடு நிரலைக் கையில் கொடுத்துவிட்டு அதைப் பற்றிக் கேட்கிறது. அறிவிப்பில் இந்தக் கொள்கையைப் பத்தி பத்தியாக விளக்குவதைவிட ஒரு கேள்வியை முழுமையாகச் செய்து காட்டுவதே பயன் தரும். எதற்கு மதிப்பெண் விழுமோ அதைத்தானே மாணவர்கள் படிப்பார்கள். மாதிரிக் கேள்வி பைத்தான் மொழியில் இப்படி இருக்கலாம்:

```python
def f(a):
    k = 0
    for i in range(1, len(a)):
        if a[i] > a[k]:
            k = i
    return k
```

`f`, `a`, `k` என்ற ஒன்றும் சொல்லாத பெயர்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. `find_max` போன்ற பெயர் இருந்தால் மாணவர் பெயரைப் படித்தே விடை எழுதிவிடுவார்.

முதல் பகுதி: `f([4, 9, 2, 9])` என்ன தரும்? பைத்தானில் பட்டியலின் இடங்கள் 0-இலிருந்து எண்ணப்படுகின்றன. தொடக்கத்தில் `k` 0. அந்த இடத்தில் 4 இருக்கிறது. `i` 1 ஆகும்போது 9, 4-ஐவிடப் பெரியது. `k` 1 ஆகிறது. `i` 2 ஆகும்போது 2, 9-ஐவிடப் பெரியதல்ல. `i` 3 ஆகும்போது 9-ஐ 9-உடன் ஒப்பிட நேர்கிறது, பெரியதல்ல, சமம்தான். ஆகவே `k` மாறவில்லை; விடை 1. மிகவும் எதிர்பார்க்கக்கூடிய தவறான விடை 9. அப்படி எழுதியவர் கணக்கில் தவறவில்லை. இடத்தையும் அந்த இடத்தில் இருக்கும் மதிப்பையும் குழப்பிக்கொண்டிருக்கிறார். திருத்துபவருக்கு எதை மறுபடி சொல்லித்தர வேண்டும் என்பது அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் பகுதி: இந்த நிரலின் வேலை என்ன என்று ஒரே வாக்கியத்தில் எழுதுக. முழு மதிப்பீட்டின் கனமும் இங்கேதான் இருக்கிறது. “முதலில் `k`-இல் 0 வைக்கிறது, பிறகு `for` லூப் ஓடுகிறது, `a[i]` பெரியதாக இருந்தால் `k`-ஐ மாற்றுகிறது” என்ற விடையில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனாலும் அது நிரலை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுகிறது, அவ்வளவே. “பட்டியலில் உள்ள மிகப் பெரிய எண் முதலில் வரும் இடத்தைத் தருகிறது” என்பது வரிகளைச் சேர்த்துப் பார்த்த விடை. ஜான் பிக்ஸும் கெவின் காலிஸும் 1982-இல் வகுத்த, சோலோ என்று அழைக்கப்படும் படிநிலை இந்த வேறுபாட்டைத்தான் அளக்கிறது. லிஸ்டரின் குழு பின்னர் அதை நிரல் விளக்கங்களைத் திருத்தப் பயன்படுத்தியது. ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால் வரிவரி விடைக்கு இரண்டு, “மிகப் பெரிய எண்ணின் இடம்” என்பதற்கு நான்கு, “முதலில் வரும்” என்பதையும் சேர்த்தால் ஐந்து என்று வைக்கலாம். இந்தக் கணக்கு அறிவிப்பில் இல்லாவிட்டால், வரிவரியாக முக்கால் பக்கம் எழுதியவர் இரண்டு மதிப்பெண்ணைப் பார்த்துக் கோபப்படுவார். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கும்.

மூன்றாம் பகுதி: `>` என்பதை `>=` ஆக்கினால் என்ன மாறும்? சமமான எண் வரும்போதும் `k` நகரும். அதே பட்டியலுக்கு விடை 3 ஆகும். அதாவது மிகப் பெரிய எண் கடைசியாக வரும் இடம் கிடைக்கும். பட்டியல் காலியாக இருந்தால்? லூப் ஒரு முறைகூட ஓடாது. நிரல் 0 என்று சொல்லிவிடும், ஆனால் காலிப் பட்டியலில் 0 என்ற இடமே கிடையாது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இந்தக் குறை ஓட்டிப் பார்த்த நிரலிலும் ஒளிந்திருக்கும். மனப்பாடமாக வந்தவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

நம் கல்லூரிகளின் செய்முறைத் தேர்வில் வைவா ஏற்கெனவே உண்டு. அது “லூப் என்றால் என்ன” என்ற வரையறைக் கேள்வியாகத் தேய்ந்துபோவதும் உண்டு. புதிய முறையில் வைவா மாணவர் ஒப்படைத்த நிரலின் மீதே நடக்கிறது: இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும், இங்கே 1-க்குப் பதில் 0 ஏன் இல்லை. மேலே உள்ள நிரலில் 0-இலிருந்து தொடங்கினாலும் விடை மாறாது, ஓர் ஒப்பீடு வீணாகும், அவ்வளவுதான். அதைச் சொல்லத் தெரிந்தவருக்கு நிரல் சொந்தம், யார் முதலில் தட்டச்சு செய்திருந்தாலும். தடை நேரம்தான். ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 60 பேருக்கு 5 மணி நேரம். அதனால் பல வகுப்புகளில் எழுத்துத் தேர்வே பெரும்பங்கை ஏற்க வேண்டியிருக்கும்.

விளக்கம் கேட்கும் தேர்வுக்கு ஓர் ஆபத்து உண்டு: ஆங்கிலம் தடையாக இருக்கும் மாணவர் புரிந்தும் மதிப்பெண் இழக்கலாம். விடையைத் தமிழிலோ இரண்டும் கலந்தோ எழுதலாம், இலக்கணத்துக்கு மதிப்பெண் குறையாது என்று அறிவிப்பு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அடுத்த சிக்கல், கேள்விகள் பழகிவிடுவது. பெரிய எண், கூட்டுத்தொகை, தலைகீழாக்கல் என்று பாடநூல் நிரல்களையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் விளக்க வாக்கியங்களும் ரெக்கார்டு நோட்டில் ஏறிவிடும். ஆகவே ஆண்டுதோறும் ஓரிரு வரி மாற்றிய புது நிரல்கள் தேவை. ஆசிரியருக்குக் கூடுதல் வேலை இதில்தான்.

எழுதுவது முற்றிலும் நீக்கப்படுவதில்லை. வாசிக்கத் தெரிந்த எல்லாராலும் வெற்றுத் தாளில் எழுத முடியும் என்று சொல்ல முடியாது. தேர்வறையில் பத்துப் பதினைந்து வரி எழுதும் ஒரு கேள்வி இருக்கும். அதே தாளில், தான் எழுதியதற்குத் தவறான விடை தரக்கூடிய ஓர் உள்ளீட்டையும் மாணவர் குறிப்பிட வேண்டும், அல்லது அப்படி எதுவும் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். லேபில் செய்யும் நிரல்கள் பயிற்சியாகத் தொடரும், மதிப்பெண் இல்லாமல்.