முடிவு எது, பேச்சு எது?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஒன்றில் மொட்டை மாடி நீர்க்கசிவை அடைப்பது பற்றி நாற்பது மின்னஞ்சல்கள் ஓடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். "கடைசியில் என்னதான் முடிவாச்சு?" என்று ஒருவர் கேட்கிறார். யாராவது உட்கார்ந்து சுருக்கம் எழுதியாக வேண்டும்.

முதலில் எல்லா அஞ்சல்களையும் ஒன்றுசேர்க்க வேண்டும். நடுவில் யாரேனும் தலைப்பை மாற்றியிருந்தால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். அனுப்பியவர் பெயரைக் கொண்டு தேடினால் கிடைக்கும். பிறகு ஒவ்வொன்றிலும் அடியில் ஒட்டிக்கொண்டு வரும் பழைய வாசகங்களை விட்டுவிட்டு, புதிதாக எழுதியதை மட்டும் ஒரு வரியாகக் குறிக்க வேண்டும்: தேதி, நேரம், யார், என்ன.

நேரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். சங்கத் தலைவர் கலிபோர்னியாவில் மகன் வீட்டில் இருக்கிறார். "சரி, ஆரம்பிக்கலாம்" என்று எழுதுகிறார். சிறிது நேரம் கழித்துத் தன் அஞ்சலுக்கே அவர் பதில் போடும்போது, மேற்கோளில் அந்தச் "சரி"யின் நேரம் நவம்பர் 12 இரவு 8.30 என்று நிற்கிறது. ஜிமெயிலில் Show original என்பதைத் திறந்தால் விவரம் தெரியும்:

```
Date: Tue, 12 Nov 2024 20:30:00 -0800
```

நம் நேரப்படி அது 13ஆம் தேதி காலை 10 மணி. அன்று காலை 9 மணிக்கு, "தலைவர் பதில் வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்" என்று செயலாளர் எழுதியிருக்கிறார். மேற்கோள் தேதியை நம்பி வரிசைப்படுத்தினால், ஒப்புதல் வந்தபிறகும் செயலாளர் பணத்தை நிறுத்திவைத்ததாக ஆகிவிடும். அது அவருக்கு இழைக்கும் அநியாயம். எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகே வரிசையாக்க வேண்டும்.

அடுத்தது, முடிவைப் பிரிப்பது. "குறைந்த தொகைக்காரருக்கே கொடுக்கலாம்" என்று பொருளாளர் எத்தனை அழுத்திச் சொன்னாலும் அது கருத்துதான். முடிவெடுக்கும் பொறுப்பு உள்ளவர் ஒப்புக்கொண்டால்தான் அது முடிவு. யாரும் மறுக்கவில்லை என்பதையும் முடிவாக எழுதக்கூடாது.

தலைவரின் "சரி" எதற்கு? ஒப்பந்தக்காரர் 4ஆம் தேதி 3.6 லட்சம் கேட்டிருந்தார். 9ஆம் தேதி கைப்பிடிச் சுவரையும் சேர்த்து 3.9 லட்சம் என்று திருத்தினார். தலைவரின் அஞ்சலுக்கு அடியில் இருப்பதோ 4ஆம் தேதி அஞ்சல். திருத்தத்தை அவர் பார்த்தாரா என்பது அதிலிருந்து தெரியாது. இங்கே சுருக்கம் எழுதுபவர் ஊகித்து நிரப்பக்கூடாது. மேலே முடிவுகள், அதன் கீழே நிலுவைகள், கடைசியில் தேதிவாரியாகப் பேச்சு என்று வைத்து, இப்படி எழுதலாம்:

முடிவு: வேலையைத் தொடங்கலாம் – தலைவர், நவ. 13, காலை 10.00.
நிலுவை: தொகை 3.6 லட்சமா, 3.9 லட்சமா? தலைவர் உறுதிசெய்ய வேண்டும்.

எல்லோருக்கும் அனுப்புமுன் இந்த இரண்டு வரிகளையும் தலைவருக்கு அனுப்பிக் கேட்டுவிட வேண்டும். பதில் வந்ததும் தொகையை அந்தப் பதிலின் தேதியோடு முடிவுகளில் புதிய வரியாகச் சேர்க்கலாம். பின்னால் ஒரு முடிவு மாறினாலும் பழைய வரியை அழிக்காமல், எந்தத் தேதியில் மாறியது என்று அதன் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்குப் பழைய தொகையின்படி முன்பணம் போயிருந்தால் கணக்கு பார்ப்பவர் அந்த வரியைத்தான் தேடுவார்.