ஏழாவது மீட்டரில் விழும் பந்து

2020 டிசம்பர் 19, அடிலெய்டு. முதல் இன்னிங்ஸில் 53 ரன் முன்னிலை பெற்றிருந்த இந்திய அணி, அடுத்த இன்னிங்ஸில் 36 ரன்னுக்குச் சுருண்டது. ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. ஹேசில்வுட் ஐந்து ஓவரில் எட்டு ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார். அகர்வால், புஜாரா, ரஹானே, விஹாரி, அஸ்வின் ஐவரும் விக்கெட் கீப்பர் டிம் பெய்னிடம் கேட்ச் கொடுத்து வெளியேறினார்கள். 'என்ன ஆட்டம் இது' என்று ஊரே திட்டியது. ஆனால் புஜாரா ஆடியது அவர் வாழ்நாள் முழுக்க ஆடிய அதே தடுப்பாட்டம்தான். அவர்களை வீழ்த்தியது பந்து விழுந்த இடம்.

பந்து ஸ்டம்புக்கு எவ்வளவு தூரம் முன்னால் தரையில் குத்துகிறது என்பதை லென்த் என்கிறோம். எந்த ஸ்டம்பை நோக்கி வருகிறது என்பது லைன். வேகப்பந்துக்கு, மட்டையாளரின் ஸ்டம்பிலிருந்து ஏறக்குறைய 6 முதல் 8 மீட்டர் வரையுள்ள பகுதியே குட் லென்த். அங்கே குத்தினால் ஏன் அடிக்க முடிவதில்லை என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

135 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும் பந்து, காற்றிலும் தரையிலும் வேகம் இழந்து, குத்தியபின் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏழாவது மீட்டரில் குத்துகிறது. முன்காலை நீட்டி ஆடுபவரின் மட்டை ஸ்டம்புக்கு இரண்டு மீட்டர் முன்னால் இருக்கும். இடையில் மிஞ்சுவது ஐந்து மீட்டர். அதைக் கடக்கப் பந்துக்கு 0.16 விநாடி போதும். இங்கிலாந்தில் பீட்டர் மெக்லியாட் என்ற உளவியலாளர் 1987-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். விரிப்பின் அடியில் குச்சிகளை வைத்து, பந்து குத்தியதும் எதிர்பாராமல் திரும்பும்படி செய்திருந்தார். தேர்ந்த மட்டையாளர்களுக்கும் அந்தத் திருப்பத்தைப் பார்த்து மட்டையை மாற்றச் சுமார் 0.2 விநாடி ஆனது. ஆக, குட் லென்த்தில் குத்திய பந்து திரும்புவது கண்ணுக்குத் தெரியும். கை அதற்குப் போய்ச் சேராது.

எவ்வளவு திரும்பினால் போதும்? மட்டையின் அகலம் 10.8 சென்டிமீட்டர். நடுவிலிருந்து ஓரம் வரை வெறும் 5.4. பந்தின் தையல் தரையில் பட்டு ஒரே ஒரு டிகிரி விலகினால், ஐந்து மீட்டர் தூரத்தில் அது சுமார் 9 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். மட்டையின் நடுவில் பட வேண்டிய பந்து ஓரத்தில் உரசிவிட்டு ஸ்லிப்புக்கோ கீப்பருக்கோ போய்விடும்.

அதே பந்தை மூன்றாவது மீட்டரில் போட்டிருந்தால், மட்டைக்கு முன் ஒரு மீட்டர்தான் இடைவெளி. விலகல் 2 சென்டிமீட்டரைத் தாண்டாது. தைரியமாக டிரைவ் அடிக்கலாம். பத்தாவது மீட்டருக்கும் முன்னால் ஷார்ட்டாகக் குத்தினால் 0.25 விநாடிக்கு மேல் கிடைக்கும். பின்காலில் நின்று பார்த்து ஆடலாம், இல்லை விட்டுவிடலாம். குட் லென்த் பந்துக்கு முன்னே போனாலும் எட்டாது, பின்னே போனாலும் நேரம் போதாது.

சரி, ஆடாமல் விட்டுவிடலாமே? அதைத் தடுப்பதுதான் லைனின் வேலை. பந்து ஆஃப் ஸ்டம்பின் உச்சியையோ அதற்கு ஒரு கையகலம் வெளியேயோ நோக்கி வந்தால், விட்டால் போல்டு ஆகுமோ என்ற பயம் இருக்கும். ஆட வேண்டியதாகிறது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது மட்டையாளரின் கால்களைக் கவனியுங்கள். அவை முன்னும் போகாமல் பின்னும் போகாமல் கிரீஸிலேயே தங்கிவிட்டால், லென்த் சரியாக விழுந்திருக்கிறது என்று பொருள்.

இதற்கும் எல்லை உண்டு. ஆடுகளம் தட்டையாக இருந்து பந்து விலகவே இல்லை என்றால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் சரிந்துவிடும். டி20-இல் அதே லென்த் பந்தை நேராகத் தூக்கி சிக்ஸர் அடிக்கிறார்கள். பந்து அதிகம் எழும்பும் பெர்த் போன்ற மைதானத்தில் ஏழாவது மீட்டரில் குத்தினால் ஸ்டம்புக்கு மேலே பறந்துவிடலாம். அங்கே இன்னும் முன்னே போட வேண்டும். நல்ல பந்துவீச்சாளர் முதல் இரண்டு ஓவரில் கீப்பர் எந்த உயரத்தில் பந்தைப் பிடிக்கிறார் என்று பார்த்தே தன் இடத்தைத் தீர்மானிக்கிறார்.

மட்டையாளரும் இடத்தை மாற்றலாம். 2014-இல் இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 134 ரன் மட்டுமே எடுத்த கோலி, 2018-இல் அதே நாட்டில் 593 ரன் குவித்தார். அந்த முறை கிரீஸுக்கு வெளியே நின்று ஆடினார். பந்து குத்தும் இடத்துக்கும் மட்டைக்கும் உள்ள தூரம் குறைந்ததால் விலகலும் குறைந்தது. ஆனால் கையை விட்டு வந்த பந்தைப் பார்க்கும் நேரமும் கூடவே குறையும். எல்லோருக்கும் அது கைகூடாது. பந்துவீச்சாளரும் சும்மா இருக்க மாட்டார். மட்டையாளர் முன்னே வந்த அளவுக்குத் தன் லென்த்தைப் பின்னே இழுப்பார்.