ஜெராக்ஸ் கடையில் மூன்று விகிதங்கள்

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297. சுலபமாக 300 என்று வைக்காமல் 297 என்று ஏன் வைத்தார்கள்?

இரண்டு ஏ4 தாள்களின் நீளப் பக்கங்களைச் சேர்த்து வையுங்கள். 297-க்கு 420 அளவில் ஏ3 கிடைக்கும். இப்போது 210, 297, 420 என்ற மூன்று எண்களையும் பாருங்கள். முதல் எண்ணுக்கும் இரண்டாவதற்கும் உள்ள விகிதமே இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இருக்கிறது. இப்படி நடுவில் நிற்கும் எண்தான் இடை விகிதசமன். ஓரத்து எண்கள் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அது வந்துவிடும். 210-ஐ 420-ஆல் பெருக்கினால் 88,200. அதன் வர்க்கமூலம் 297-க்கு மயிரிழை குறைவு. கூட்டிப் பாதியாக்கும் சாதாரண சராசரி 315. அந்த நீளத்தில் தாளை வெட்டினால் மடிக்கும்போது வடிவம் மாறிவிடும்.

1922-இல் ஜெர்மனி தன் தர அளவாக ஏற்றது இந்த ஏற்பாட்டைத்தான். ஏ4-ஐ ஏ3 ஆக்கும்போது ஓரத்தில் வெற்றிடம் விழாமல் எழுத்து தாளை நிறைப்பது இதனால்தான். லீகல் தாளுக்கு இந்தக் குணம் இல்லை. அதன் அளவு எட்டரைக்குப் பதினான்கு அங்குலம். பாதியாக மடித்தால் ஏறக்குறையச் சதுரமாகிவிடும்.

தாள்கள் ஒத்துப்போனாலும் நாம் கொண்டுபோகும் படம் ஒத்துப்போக வேண்டுமே. 12 சென்டிமீட்டர் அகலமும் 18 நீளமும் உள்ள பழைய குடும்பப் படத்தை ஏ4 அகலமான 21-க்குப் பெரிதாக்கக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 12-க்கு 18 என்றால் 21-க்கு எவ்வளவு? 18-ஐ 21-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 31.5. இதுதான் நான்காம் விகிதசமன். தாளின் நீளமோ 29.7தான். ஓரத்தில் நிற்பவரின் பாதம் வெட்டுப்படும். ஆகவே நீளத்திலிருந்து தொடங்க வேண்டும்: 18-க்கு 12 என்றால் 29.7-க்கு 19.8. அகலத்துக்குள் அடங்குகிறது. கடைக்காரரிடம் 165 சதவீதம் என்று சொன்னால் போதும்.

அதற்காக மை 1.65 மடங்குதான் ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. நீளமும் வளர்கிறது, அகலமும் வளர்கிறது. இரண்டு விகிதங்களையும் பெருக்கினால் பரப்பு சுமார் 2.7 மடங்கு ஆகிறது. இப்படிப் பெருக்கிக் கிடைப்பது கூட்டு விகிதம். பெயரில் கூட்டு என்று இருப்பதால் பலர் விகிதங்களைக் கூட்டிவிடுகிறார்கள், பெருக்க வேண்டும்.

காகிதக் கட்டின் எடையும் இதே கணக்குத்தான். 80 ஜிஎஸ்எம் ஏ3 கட்டையும் 70 ஜிஎஸ்எம் ஏ4 கட்டையும் ஒப்பிடுவோம். இரண்டிலும் 500 தாள்கள். பரப்பு 2-க்கு 1, தாளின் கனம் 8-க்கு 7; பெருக்கினால் 16-க்கு 7. ஏ4 கட்டு ஏறக்குறைய 2.2 கிலோ, ஏ3 கட்டு 5 கிலோ.