"தொடர்பாக" என்று முடியும் மெயில்கள்

அரசு அலுவலகக் கடிதம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே "பொருள்:" என்று ஒரு வரி இருக்கும். முதலில் துறையின் பெயர், ஒரு கோடு, பிறகு மாவட்டம், இன்னொரு கோடு, பிறகு திட்டம், அதன் பின் நிதி கோருதல் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் "தொடர்பாக" என்று முடியும். கோப்பு கட்டி வைப்பவருக்கு இதைவிட வசதியான வரி கிடையாது. எந்தக் கட்டில் சேர்க்க வேண்டும் என்பது முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

அதே பழக்கத்தைத்தான் நாம் மெயிலுக்கும் கொண்டுவந்துவிட்டோம். ஆங்கிலத்தில் எழுதினாலும் கடைசியில் ஒரு "ரெக்" போடாமல் பலருக்குக் கை நிற்காது. ஆனால் மெயிலின் பொருள் வரியைப் படிப்பவர் கோப்பு கட்டுபவர் அல்லர். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே, லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, செல்போனைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகும் நிர்வாக இயக்குநர். செல்போனுக்குச் செல்போன் மாறினாலும், நிமிர்த்திப் பிடித்த திரையில் ஆங்கில எழுத்தென்றால் சுமார் 35 முதல் 40 வரைதான் தெரியும். தமிழ் எழுத்து இடம் அதிகம் எடுக்கும் என்பதால் இன்னும் குறையும். மீதி எல்லாம் மூன்று புள்ளிக்குள் போய்விடும்.

இதில் தமிழுக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். "இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒப்புதல் தேவை" என்று இயல்பாக எழுதினால், திரை அறுத்து எறிவது "ஒப்புதல் தேவை" என்ற பகுதியைத்தான். அவருக்கு என்ன வேலை என்பது மட்டும் கண்ணில் படாது.

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் மேலாளருக்கு 300 கண்டி சங்கர்-6 பஞ்சு வேண்டும். கண்டி என்பது ஏறக்குறைய 356 கிலோ. குஜராத் வியாபாரி கண்டிக்கு 57,000 ரூபாய் சொல்கிறார், அந்த விலை வியாழன் மாலை 4 மணி வரைதான். அதற்குப் பிறகு 57,900. ஒரு கோடிக்கு மேல் போனால் எம்.டி. ஒப்புதல் வேண்டும் என்பது ஆலையின் விதி. மேலாளர் திங்கட்கிழமை காலை இப்படி அனுப்புகிறார்:

"பஞ்சு கொள்முதல் – குஜராத் வியாபாரி – விலைப்புள்ளி – ஒப்புதல் வேண்டுதல் – தொடர்பாக"

எம்.டி.யின் திரையில் "குஜராத் வியாபாரி"யோடு வரி அறுந்து நிற்கிறது. பஞ்சு பற்றி வாரத்துக்குப் பத்து மெயில் வருகிறது, இதுவும் ஏதோ தகவல் என்று நினைத்து அடுத்ததற்குப் போகிறார். செவ்வாய்க்கிழமைக்குள் அதன் மேல் இன்னும் எண்பது மெயில் ஏறி உட்கார்ந்துவிடும். அவர் அலட்சியம் செய்தார் என்று சொல்ல முடியாது. அவரிடம் எதுவும் கேட்டதாகவே அவருக்குத் தெரியாது.

இந்த வரியைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கலாம். அவர் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், எவ்வளவு பணம், எதற்கு?

"ஒப்புதல், வியாழன் 4 மணிக்குள்: ரூ.1.71 கோடி, 300 கண்டி பஞ்சு"

பாதியில் அறுந்தாலும் வேலையும் கெடுவும் தப்பிவிடுகின்றன. தொகை எதற்கு என்று கேட்கலாம். இது தன் மேசைக்கு வர வேண்டிய விஷயமா, நிதி மேலாளருக்குத் தள்ளிவிடக் கூடியதா என்று அவர் முடிவு செய்வது தொகையைப் பார்த்துத்தான். "குஜராத்" போய்விட்டது, போகட்டும். "நாளைக்குள்" என்று எழுதாமல் கிழமையை எழுதியதும் காரணத்தோடுதான். நீங்கள் எழுதிய நாளின் நாளையும் அவர் படிக்கும் நாளின் நாளையும் ஒன்றல்ல.

வேலையை முன்னால் போடும் இந்த வழக்கம் அமெரிக்க ராணுவத்தில் நெடுநாளாக உண்டு. முடிவை முதலில் சொல், விளக்கத்தைப் பின்னால் வை என்பது அவர்கள் கடிதம் எழுதக் கற்கும்போதே சொல்லிக்கொடுக்கும் விதி. மெயில்களிலும் நடவடிக்கையா, முடிவா, வெறும் தகவலா என்று ஒரு சொல்லைத் தலையில் வைத்துவிடுவார்கள். "தகவலுக்கு மட்டும்" என்று போடுவது மெயிலைத் தாழ்த்தும் என்று நம்மில் சிலருக்குப் பயம். உண்மையில் அப்படிப் போடுபவர் "ஒப்புதல்" என்று எழுதும் நாளில்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு வரும்.

பொருள் வரிக்குக் கீழே மங்கலாக மெயிலின் முதல் வரியும் தெரியும். அது இலவசமாகக் கிடைக்கும் இரண்டாவது பொருள் வரி. அதை "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம், தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று" என்பதிலேயே செலவழித்துவிடுகிறோம். மரியாதைக்கு "ஐயா" போதும். "ஐயா, வியாழன் தாண்டினால் கண்டிக்கு 900 ரூபாய் கூடும், மொத்தம் ரூ.2.7 லட்சம்" என்று தொடங்கினால், திறக்காமலேயே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிடும். மூன்று வியாபாரிகளின் விலையை எக்செல் இணைப்பில் மட்டும் வைத்துவிட்டால், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார். மூன்று விலையையும் மெயிலுக்குள்ளேயே மூன்று வரியாக எழுதினால், லிஃப்ட் வருவதற்குள் "சரி" என்று பதில் வரக்கூடும்.

அதே மெயிலில், எழுதுவதுதான் எழுதுகிறோம் என்று ஸ்பின்னிங் மாஸ்டர் நேர்காணலுக்குத் தேதியும் கேட்டால் கெட்டது. "சரி" என்று வரும் பதில் எதற்கு என்று தெரியாது. மறுபடி ஒரு மெயில் எழுத வேண்டும்.

பழைய மெயிலுக்குப் பதில் போட்டுப் புதிய விஷயம் எழுதுவது இன்னும் மோசம். முகவரி தேடும் சோம்பலில் எல்லோரும் செய்வதுதான். `Re: Diwali bonus list` என்ற தலைப்பின் கீழே 1.71 கோடி ரூபாய் ஒப்புதல் கிடக்கும். ஜிமெயில் அதைப் பழைய உரையாடலின் வாலில் கட்டிவிடும், போனஸ் முடிந்த கதை என்று எம்.டி. தாண்டிப் போவார். பொருளை மாற்றினால் ஜிமெயில் தானே புதிய உரையாடலாகப் பிரித்துவிடும். இந்த `Re:` என்பதை "ரிப்ளை"யின் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அது லத்தீன் சொல், "இந்த விஷயத்தில்" என்று அர்த்தம். அதுவும் ஒரு "தொடர்பாக"தான்!

"அவசரம்" என்ற சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவுட்லுக்கின் சிவப்பு ஆச்சரியக்குறியை வாரம் மூன்று முறை போடுபவரின் குறியை யாரும் பார்ப்பதில்லை. தேதியும் நேரமும் இருந்தால் அவசரம் தானே தெரியும். புதன் மாலை வரை பதில் இல்லையென்றால் "நினைவூட்டல் 2" என்று அனுப்புவதும் அப்படித்தான், அதில் மனத்தாங்கல் தவிரப் புதிதாக எதுவும் இல்லை. "இன்று 4 மணி கடைசி: 300 கண்டி பஞ்சு ஒப்புதல்" என்று வியாழன் காலை அனுப்பலாம். பொருள் மாறியதால் அது தனி மெயிலாக மேலே நிற்கும். ஆகவே விலை விவரத்தை அதிலும் மறுபடி ஒட்ட வேண்டும், முந்தையதைத் தேடிப் போகச் சொல்லக் கூடாது.

இவ்வளவு வெளிப்படையாக எழுதக் கூடாத இடமும் உண்டு. பொருள் வரி பூட்டிய செல்போன் திரையிலும் வரும். எம்.டி. கூட்டத்தில் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டியிருந்தால் சுவரிலும் வரும். ஒருவரின் ராஜினாமா, சம்பள உயர்வு, புகார், இவற்றைப் பெயரோடு மேலே எழுதினால் அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் எழுதியதாக ஆகிவிடும். அந்த மாதிரி மெயிலில் கெடுவை மட்டும் முன்னால் வைத்து, "வெள்ளிக்குள் முடிவு: பணியாளர் விஷயம் தொடர்பாக" என்று எழுதிக்கொள்ளலாம்.