அழிந்த உரையாடல்களின் பிரதி உங்கள் மின்னஞ்சலில் இருக்கலாம்

இடம்பெயர்ந்த காலத்தில் காணி உறுதியைத் தொலைத்த பல குடும்பங்களுக்கு அதன் விபரங்கள் வெளிநாட்டிலுள்ள உறவினரிடமிருந்து முகநூல் செய்தியாக வந்திருக்கும். அந்த முகநூல் கணக்கு இன்று இல்லாமல் போயிருந்தாலும், செய்தியின் எழுத்துகள் வேறோர் இடத்தில் மிஞ்சியிருக்கக்கூடும்.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னர், முகநூலில் யாராவது செய்தி அனுப்பினால், கணக்குத் திறக்கும்போது கொடுத்த மின்னஞ்சலுக்கும் ஓர் அறிவித்தல் வரும். அக்காலத்து அறிவித்தல்கள் பலவற்றில் அனுப்பியவரின் பெயரும் திகதியும் மட்டுமல்ல, செய்தியின் வாசகமும் இருந்தது. முகநூல் கணக்கை நீக்கினாலும் மின்னஞ்சலில் உள்ள அந்தப் பிரதி அழியாது. வட்ஸ்அப், வைபர் செய்திகளுக்கு இப்படிப் பிரதி வருவதில்லை.

உதாரணமாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பனாரின் உறுதி 2009இல் தொலைந்தது. கனடாவிலிருந்த பெரியப்பாவிடம் அதன் போட்டோப் பிரதி ஒன்று இருந்தது. 2011இல் அவர் விபரங்களை மகளுக்கு முகநூலில் எழுதினார். மகள் 2014இல் அந்தக் கணக்கை நிரந்தரமாக நீக்கிவிட்டார். பெரியப்பாவும் இப்போது உயிருடன் இல்லை. ஆனால் மகளின் ஜிமெயில் இன்னும் திறக்கிறது. அதன் தேடல் பெட்டியில் அவர் இதை எழுதுகிறார்:

```
in:anywhere from:facebookmail.com before:2014/01/01
```

முகநூல் அறிவித்தல்கள் facebookmail.com என முடியும் முகவரியிலிருந்து வருபவை. முதற் சொல், ஸ்பாம் பெட்டியையும் குப்பைத் தொட்டியையும் சேர்த்துத் தேடச் சொல்கிறது. நூற்றுக்கணக்கில் வந்தால் பெரியப்பாவின் பெயரையும் சேர்த்துத் தேடலாம். அக்காலத்தில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியதால் kaani, kani, uruthi, urudhi என்று ஒவ்வொரு எழுத்துக்கூட்டலாகவும் தேட வேண்டும்.

முதலில் கிடைத்த அறிவித்தலில் “உறுதி இலக்கம் 1047” என்று இருக்கிறது. இத்துடன் நிறுத்தினால் பிழைத்துவிடும். இரண்டு நாள் கழித்து வந்த இன்னொன்றில், “அது அப்பப்பாவின்ர பழைய உறுதி. உங்கட நன்கொடை உறுதி 1162” என்று பெரியப்பா திருத்தியிருக்கிறார். மூன்றாவதில் “ஓம், அவர்தான்” என்று மட்டுமே உண்டு. அறிவித்தலில் வருவது மற்றவர் எழுதியது மாத்திரம். மகள் கேட்ட கேள்வி அதில் இல்லை. எந்த நொத்தாரிசைப் பற்றி அந்த “ஓம்” சொல்லப்பட்டது என்பதை அதற்கு முன்னும் பின்னும் வந்தவற்றைக் கொண்டுதான் அறிய முடியும். ஆகவே எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில், பழையதிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். தெளிவில்லாததை ஊகித்து நிரப்பாமல் “தெளிவில்லை” என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

வேறு குறைகளும் உண்டு. செய்தியுடன் அனுப்பிய படம் பெரும்பாலும் அறிவித்தலில் இராது. சில நீண்ட செய்திகள் பாதியில் நிற்கும். சிலவற்றில் “உங்களுக்கு ஒரு செய்தி வந்துள்ளது” என்பதற்கு மேல் எதுவும் இருக்காது.

இந்த அறிவித்தல் உறுதிக்குப் பதிலாகாது. காணி உங்களுடையது என்று அது நிரூபிக்காது. அது எங்கே தேடுவது என்று காட்டும். நொத்தாரிசு தான் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். எனவே உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், உறுதி எழுதிய திகதி ஆகிய மூன்றும் கிடைத்தால், அந்த நொத்தாரிசு இரண்டாம் பிரதியை அனுப்பிய பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். உதாரணக் குடும்பம் 1047ஐக் கொண்டுபோயிருந்தால் அப்பப்பாவின் உறுதிதான் கைக்கு வந்திருக்கும்.

கண்டெடுத்த அறிவித்தல்களை அச்சிட்டு வையுங்கள். ஆனால் மின்னஞ்சலில் உள்ள மூலத்தை அழிக்க வேண்டாம். “இடம் நிரம்பிவிட்டது” என்று வரும்போது பலர் முதலில் அழிப்பது இந்த முகநூல் அறிவித்தல்களைத்தான். ஜிமெயிலின் குப்பைத் தொட்டிக்குப் போனவை 30 நாட்களில் முற்றாக நீங்கிவிடும். இரண்டு வருடங்கள் பாவிக்காத கணக்கையே கூகிள் நீக்கக்கூடும் என்பதால், பழைய முகவரி இருந்தால் இந்தக் கிழமையே ஒருமுறை திறந்து பாருங்கள்.

முகநூல் கணக்கு நீக்கப்படாமல் கடவுச்சொல் மட்டும் மறந்திருந்தால், அதே மின்னஞ்சல் மூலம் புதிய கடவுச்சொல் பெற்று முழு உரையாடலையும் பார்க்க முதலில் முயலுங்கள். தொடர்பாடல் நிலையத்தில் தேடுவதானால் கடவுச்சொல்லை நீங்களே தட்டச்சுச் செய்யுங்கள். எழும்ப முன்னர் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டீர்களா என்று பாருங்கள்.