பத்துக்குப் பன்னிரண்டு போதாது

திருச்சியில் அக்கா வீட்டுக்கு ஏ.சி. வாங்கப் போனபோது கடைக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: "ரூம் என்ன சைஸ்?" அக்கா, "பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும்" என்றாள். "அப்ப ஒரு டன் தாராளமாப் போதும்மா" என்றார் அவர். அறையின் உயரத்தையோ, அதற்கு மேலே இன்னொரு மாடி இருக்கிறதா என்பதையோ யாரும் கேட்கவில்லை. ஏ.சி. வந்தது. அந்தச் சித்திரை முழுக்க வெளியே இருந்த யூனிட் நள்ளிரவு தாண்டியும் நிற்காமல் ஓடியது. 24 வைத்தால் அறை 28-ஐ விட்டு இறங்கவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, மெஷினில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். கோளாறு கணக்கில் இருந்தது.

முதலில் 'டன்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அது மெஷினின் எடை அல்ல. அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்து விற்ற காலம் ஒன்று உண்டு. அந்தப் பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. மெரினா எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், அதைச் சேமித்து வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ். குளிர்ச்சியை ஐஸின் எடையால் அளக்கும் வழக்கம் அந்த நாட்டிலிருந்து வந்ததுதான். ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ ஐஸ், ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதே வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் மெஷின் ஒரு டன் ஏ.சி. வாட் கணக்கில் சொன்னால் சுமார் 3,500.

உங்கள் அறைக்கு எத்தனை டன் என்று பார்க்க நம் ஊரில் புழங்கும் கணக்கு எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வருவது கன அடி. அதை 1,000-ஆல் வகுத்தால் கிடைப்பது டன்.

டேப் பிடிக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 10 அடி 6 அங்குலம் என்பது 10.6 அல்ல, 10.5. ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் அங்குலத்தை 12-ஆல் வகுத்துத்தான் புள்ளிக்குப் பின்னே எழுத வேண்டும். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதுவரை அளந்தால் போதும். சாய்வுக் கூரையானால் உயர்ந்த பக்கத்தையும் தாழ்ந்த பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். பீரோ, கட்டில் இவற்றைக் கழிக்க வேண்டாம். ஆனால் அறைக்கும் ஹாலுக்கும் நடுவே கதவு இல்லாமல் திரைச்சீலை மட்டும் தொங்கினால், ஹாலையும் சேர்த்தே அளக்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. திரைக்கு அடியில் அது வழிந்து போய்க்கொண்டே இருக்கும்.

அக்கா வீட்டு அறையை நாங்கள் பிறகுதான் அளந்தோம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி 6 அங்குலம், உயரம் 10 அடி. பெருக்கினால் 1,260 கன அடி. ஆக 1.26 டன். வாங்கியதோ 1 டன்.

அந்தக் கால் டன் குறைவுதான் இத்தனை பாடு படுத்தியதா? அது பாதிக் காரணம்தான். மீதியைப் புரிந்துகொள்ள, ஏ.சி. உண்மையில் எதைக் குளிர்விக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த அறையில் உள்ள காற்றின் மொத்த எடை சுமார் 41 கிலோ. அதை 35 டிகிரியிலிருந்து 25-க்குக் கொண்டுவருவது மட்டும்தான் வேலை என்றால், ஒரு டன் ஏ.சி. அதை ஏறத்தாழ 2 நிமிடத்தில் முடித்துவிடும். இப்போது தலைக்கு மேலே பாருங்கள். 5 அங்குல கான்கிரீட் தளம், எடை மூன்றரை டன்னுக்குக் குறையாது. பகலெல்லாம் வெயில் குடித்த அந்தத் தளத்திலிருந்து ஒரே ஒரு டிகிரி வெப்பத்தை எடுக்க அதே ஏ.சி.க்கு 15 நிமிடம் பிடிக்கும். எட்டு டிகிரி என்றால் 2 மணி நேரம். அந்த வெப்பம் முழுவதும் உள்ளே இறங்காது, ஒரு பங்கு வானத்துக்கும் போகும். ஆனாலும் இரவு பத்து மணிக்கு ஏ.சி. போராடுவது காற்றோடு அல்ல, தளத்தோடு என்பது இதிலிருந்து தெரியும்.

அப்படியானால் கன அடிக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். உயரம் கூடினால் காற்று கூடுவது மட்டும் அல்ல, சுவரும் கூடுகிறது. அக்காவின் அறையில் உயரம் ஓர் அடி கூடினால் 45 சதுர அடிச் சுவர் கூடுதலாகும். கதவு, சன்னல் இடுக்குகளில் நுழையும் வெளிக்காற்றும் அறையின் அளவைப் பொறுத்தே இருக்கும். ஆகவே கன அடி என்பது வெப்பம் நுழையும் வழிகளுக்கு ஒரு தோராயமான அளவுகோல். அந்த அளவுகோலுக்குத் தெரியாதது ஒன்றுதான்: மேலே இருப்பது இன்னொரு வீடா, மொட்டை மாடியா என்பது.

அதனால் வகுத்து வந்த விடையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். மேலே மொட்டை மாடி, மேற்கே வெயில்படும் சுவர் என்றால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். 1.26 டன் 1.5 ஆகிவிடும். இதே அறை நடுமாடியில் நிழலில் இருந்து, இரவு தூங்க மட்டும் பயன்பட்டால் பத்தில் ஒரு பங்கு கழிக்கலாம். அப்போது 1.1 சொச்சம்தான் வரும், 1 டன் சமாளித்துவிடும். கன அடி ஒன்றுதான், வாங்க வேண்டிய மெஷின் வேறு.

எதற்கு வம்பு என்று எல்லா அறைக்கும் 2 டன் வாங்குவதும் தவறு. ஏ.சி. குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் பிழிந்தெடுக்கிறது. டிரெயின் பைப்பில் சொட்டுவது அந்த ஈரம்தான். மெஷின் அளவுக்கு மீறிப் பெரிதானால் பத்து நிமிடத்தில் அறை குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும், ஈரமோ அறையிலேயே தங்கிவிடும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதை உடம்பே சொல்லும்: குளிர்கிறது, ஆனால் படுக்கை விரிப்பு பிசுபிசுக்கிறது. இன்வெர்ட்டர் ஏ.சி. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால் கொஞ்சம் கூடுதலைத் தாங்கும். இரு மடங்கைத் தாங்காது.

கடையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். '1.5 டன்' என்று எழுதிய எல்லா மெஷினும் ஒரே அளவு குளிர்விப்பதில்லை. சரியாக 1.5 டன் என்றால் சுமார் 5,275 வாட். ஆனால் அதைவிடக் குறைந்த வாட் உள்ளவையும் அதே பெயரில் விற்கின்றன. நட்சத்திர ஸ்டிக்கரில் குளிர்விக்கும் திறன் வாட்டில் போட்டிருக்கும், அதைப் படியுங்கள். அந்தத் திறன் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது என்பதும் நினைவிருக்கட்டும். 40-ஐத் தாண்டும் வேலூரிலும் திருச்சியிலும் அது குறையும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூலில் ஏறி உள்ளங்கையைத் தளத்தில் வையுங்கள். அக்கா வீட்டில் நான் வைத்தபோது சற்று முன் இறக்கிவைத்த இட்லிப் பானையின் மூடியைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. மெஷினை மாற்றப் பணம் இல்லாததால், பங்குனியில் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடித்தோம். அடுத்த சித்திரையில், 26 வைத்தபோது, இரவு பதினொரு மணிக்கு வெளியே கம்ப்ரஸர் முதல் முறையாகக் கட் ஆகும் சத்தம் கேட்டது. அதே 1,260 கன அடி, அதே 1 டன். குறைந்தது தளத்தின் சூடு மட்டும்தான்.